சங்க நிர்வாகிகள் மாறினால் வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றக் கடிதம்: செயலாளர் எப்படி எழுத வேண்டும்?

தக்கலை_படிப்பகம்

எங்கள் ஊர்ப் படிப்பகம் பதிவு பெற்ற சங்கம். 11.01.2026 ஞாயிறு பொதுக்குழுவில் தேர்தல் நடந்தது. தலைவர் பழையவரே தொடர்கிறார். செயலாளரும் பொருளாளரும் புதியவர்கள். புதிய செயலாளர் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுத்தார். அதை அப்படியே கீழே தருகிறேன்:

"ஐயா, எங்கள் சங்கத்துக்கு 11.01.2026 அன்று புதிய நிர்வாகிகள் தேர்வு செய்யப்பட்டுள்ளனர். எனவே வங்கிக் கணக்கில் பழைய நிர்வாகிகளின் கையெழுத்தை நீக்கி, புதிய நிர்வாகிகளின் கையெழுத்தைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பொதுக்குழு மினிட்ஸ் ஜெராக்ஸும் ஆதார் நகல்களும் வைத்திருந்தோம். கவுண்டரில் பார்த்துவிட்டு "இது போதாது, முறையாகத் தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எது குறைகிறது என்று தெளிவாகச் சொல்லவில்லை. இதுவரை கணக்கை இயக்கியது தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவராவது இருவர். கணக்கு சேமிப்புக் கணக்கு. தனியாக 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. கடிதத்தில் என்ன மாற்ற வேண்டும்?

குளச்சல்_அலை

பழைய செயலாளரும் பழைய பொருளாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் வங்கியால் மாற்றவே முடியாது. அதுதான் சட்டம். கடிதத்தின் அடியில் அவர்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள், வேலை முடிந்தது.

வேளிமலை

அலை சொன்னதில் பாதி சரி. வாங்கினால் வேலை எளிது, அது உண்மை. ஆனால் அப்படி ஒரு சட்டம் இல்லை. விலகிப் போகிறவர் கையெழுத்துப் போட மறுத்தால் சங்கம் தன் பணத்தை எடுக்கவே முடியாது என்றாகிவிடும் அல்லவா? வங்கிகள் பழையவர்களின் ஒப்புதலைக் கேட்பது தங்கள் பாதுகாப்புக்காக.

படிப்பகம், உங்கள் கடிதத்தை வங்கியின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டிருப்பவர் புதிய செயலாளர். வங்கிக் கோப்பில் அவர் பெயரே கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை, தெரியாத ஒருவர் வந்து "தெரிந்தவர்களை நீக்கிவிட்டு என்னைச் சேருங்கள்" என்கிறார். லெட்டர்பேடும் சீலும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். ஆகவே கடிதத்தால் மட்டும் அதிகாரம் வராது. அதிகாரம் தீர்மானத்தில் இருக்கிறது, கடிதம் அதைச் சுமந்து வரும் உறை.

அந்தத் தீர்மானம் உண்மை என்று யார் சான்றளிக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. நீங்கள் கொடுத்த மினிட்ஸ் ஜெராக்ஸில் "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார்?

தக்கலை_படிப்பகம்

புதிய செயலாளரேதான்.

வேளிமலை

அங்கேதான் பிடி. தன்னைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்துக்குத் தானே சான்று கொடுத்திருக்கிறார். உங்களுக்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது: தலைவர் மாறவில்லை, அவர் கையெழுத்து வங்கியில் ஏற்கெனவே உள்ளது. நகலில் அவர் சான்றளிக்கட்டும், கூடவே பழைய செயலாளரும் போடட்டும். உங்கள் பழைய ஏற்பாட்டில் எவராவது இருவர் போதும் என்பதால், வங்கிக்குத் தெரிந்த இருவர் சொன்னதாகிவிடும். மூவரும் மாறிப்போன சங்கமாக இருந்தால், கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் விலகும் நிர்வாகி ஒருவராவதும் போட வேண்டும்.

இரணியல்_தறி

எங்கள் மகளிர் குழுவில் ஊக்குநர் மாறியபோது இவ்வளவு ஒன்றும் கேட்கவில்லையே. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட்டு, அதையே எடுத்துக்கொண்டு போனோம். புதிய ஆட்களின் போட்டோவும் ஆதாரும் கொடுத்தோம், மாற்றித் தந்துவிட்டார்கள். நீங்களும் எல்லா உறுப்பினர்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனால் என்ன?

வேளிமலை

அக்கா, குழுவில் 12 பேரோ 20 பேரோ இருப்பார்கள், எல்லாரும் வங்கிக்கு நேரில் தெரிந்தவர்கள், பதிவும் தேவையில்லை. சங்கம் வேறு மாதிரி. இதற்குப் பைலா இருக்கிறது, கணக்கை யார் இயக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். கணக்குத் தொடங்கும்போது கொடுத்த பைலா நகல் வங்கிக் கோப்பில் கிடக்கும். இருநூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் பைலாவுக்கு முரணாகத் தீர்மானம் இருந்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

பழையாறு

வங்கியில் இந்த வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதல் விஷயம். பொதுக்குழு மினிட்ஸில் பெரும்பாலும் "இன்னார் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று மட்டும் இருக்கும். வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வரி இருக்காது. செயலாளர் ஆனதாலேயே ஒருவருக்குச் செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்துவிட்டதாக வங்கி எடுத்துக்கொள்ளாது. தேர்தலுக்குப் பிறகு புதிய செயற்குழு கூடி, வங்கி, கிளை, கணக்கு எண் எல்லாம் குறிப்பிட்டுத் தனித் தீர்மானம் போட வேண்டும். "தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று உங்களிடம் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, அந்தத் தீர்மானத்தின் வாசகம். நான் அதிகம் பார்த்த பிழை இது: "தலைவர் அல்லது செயலாளர் மற்றும் பொருளாளர் கணக்கை இயக்குவார்கள்." படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் தலைவர் தனியாக ஒரு செக்கைப் போட்டால் செல்லுமா? ஒரு வாசிப்பில் செல்லும், இன்னொரு வாசிப்பில் பொருளாளரும் சேர வேண்டும். இப்படி இருபொருள் வந்தால் வங்கி கணினியில் ஏற்றாது, அல்லது தப்பாக ஏற்றிவிடும். பின்னது இன்னும் மோசம். இப்படி எழுதுங்கள்: "பொருளாளர் கட்டாயம் கையொப்பமிட வேண்டும், அவருடன் தலைவர், செயலாளர் இருவரில் ஒருவர் கையொப்பமிட வேண்டும், இரண்டு கையொப்பம் இல்லாத காசோலை செல்லாது." அல்லது பழையபடியே "மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து." எதுவானாலும் பைலாவோடு ஒத்துப்போக வேண்டும்.

பதவியை மட்டும் எழுதாதீர்கள், பெயரை மட்டும் எழுதாதீர்கள். இரண்டும் வேண்டும். பெயர் பான் கார்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். கடிதம் தமிழில் இருக்கலாம், தடையில்லை. பெயர்களை மட்டும் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதிவிடுங்கள். இன்ஷியல் முன்னே பின்னே இருந்ததால் திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஏராளம்.

குளச்சல்_அலை

சரி, பழையவர் போட மறுத்தால்? பதிவாளர் ஆபீசில் படிவம் 7 போட்டுவிட்டால் வங்கி வாய் திறக்க முடியாது. அதைக் காட்டினால் மாற்றியே ஆக வேண்டும்.

வேளிமலை

மறுபடியும் பாதிதான், அண்ணாச்சி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி செயற்குழு மாறினால் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அது கோப்பில் ஏறியதைக் காட்டும் சான்றிட்ட நகல் வங்கிக்கு நல்ல ஆதாரம். பழையவர்களின் கையெழுத்துக்குப் பதிலாகப் பல கிளைகள் அதை ஏற்கின்றன. ஆனால் பதிவாளர் கோப்பில் சேர்த்துக்கொண்டார் என்பதால் தேர்தல் செல்லும் என்று அவர் தீர்ப்புச் சொன்னதாக ஆகாது.

எதிரணி ஒன்று "நாங்கள்தான் உண்மையான நிர்வாகிகள்" என்று வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். வங்கி இரண்டு பக்கமும் சாயாமல் பணம் எடுப்பதை நிறுத்திவைக்கும், நீதிமன்ற உத்தரவு கொண்டுவரச் சொல்லும். பணம் உள்ளே போகும், வெளியே வராது. அந்த நிலையில் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் பயன் இல்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய குழு காலம் கடந்து உட்கார்ந்திருந்து பிறகு தேர்தல் நடத்தியிருந்தால், அதைக் கவனிக்கிற மேனேஜர் கேள்வி கேட்பார்.

தக்கலை_படிப்பகம்

எங்களுக்குள் தகராறு எதுவும் இல்லை. பழைய பொருளாளர் கையெழுத்துப் போடத் தயார். 18.01.2026 அன்று செயற்குழு கூட்டி, பழையாறு சார் சொன்ன வாசகத்தில் தீர்மானமும் போட்டுவிட்டோம். பைலாவில் "மூவரில் இருவர்" என்று இருப்பதால் அதையே வைத்துக்கொண்டோம். ஒரு சந்தேகம். பழைய பொருளாளர் பதவியில் இருக்கும்போது கொடுத்த மூன்று செக்குகள் இன்னும் பாஸ் ஆகவில்லை. கொத்தனாருக்கு 12,500 (20.12.2025 தேதி), புத்தகக் கடைக்கு 8,200 (02.01.2026), கூரை ஷீட்டுக்கு 36,000 (08.01.2026). மூன்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து மாறினால் இவை என்ன ஆகும்?

பழையாறு

இதைக் கேட்டீர்களே, நல்லது. பெரும்பாலான செயலாளர்கள் செக் திரும்பிய பிறகுதான் கேட்பார்கள்.

கையெழுத்துப் போட்ட நாளில் அவருக்கு அதிகாரம் இருந்தது, ஆகவே செக் நியாயமானது. ஆனால் செக் கிளியரிங்குக்கு வரும்போது அதன் படம் உங்கள் கிளைக்கு வராமல், வேறு ஊரில் இருக்கும் மையத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் திரையில் பார்ப்பது அன்றைக்குக் கணக்கில் உள்ள கையெழுத்துகளை மட்டும். பழைய பொருளாளர் நீக்கப்பட்டிருந்தால், "கையொப்பம் பொருந்தவில்லை" என்று திருப்பிவிடுவார். மேனேஜர் உங்களிடம் "பரவாயில்லை, பாஸ் பண்ணிவிடுகிறோம்" என்று சொன்னது அவருக்குத் தெரியாது. 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட செக்குக்கு அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டதால், கிளைக்குப் போன் போட்டுக் கேட்கவும் நேரம் இருப்பதில்லை.

முட்டம்_கலங்கரை

திரும்பினால் என்ன, கணக்கில் பணம் இருக்கிறதே. பணம் இல்லாமல் திரும்பினால்தானே கேஸ்?

வேளிமலை

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். 2012-ல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லிவிட்டது. கையெழுத்து அதிகாரத்தை மாற்றிவிட்டு, பழைய கையெழுத்துள்ள செக்குகள் பொருந்தாமல் திரும்பிய வழக்குதான் அதுவும். மாற்று முறைச் சீட்டுகள் சட்டத்தின் 138-வது பிரிவு அதற்கும் பொருந்தும் என்றது. கொத்தனார் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் அதோடு போகும். கொடுக்காவிட்டால்தான் வழக்கு. 12,500 ரூபாய்க்குப் பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டுமா?

கோதையாறு

கடிதத்திலேயே "இந்த மூன்று செக்குகளை மட்டும் பழைய கையெழுத்தில் ஏற்கவும்" என்று எண், தேதி, தொகையோடு எழுதிவிட்டால் தீர்ந்தது. அப்படித்தான் எழுதுவார்கள்.

பழையாறு

எழுதுவதில் தவறில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. சில கிளைகள் அந்த எண்களைக் கணினியில் குறித்து வைக்கும், சில கிளைகள் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடும். இதைவிட நல்ல வழி, மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதியை நீங்களே நிர்ணயிப்பது. "02.02.2026 திங்கள் முதல்" என்று எழுதுங்கள். இடையில் புத்தகக் கடைக்கும் ஷீட் கடைக்கும் போன் போட்டு, உடனே செக்கை வங்கியில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் போட்டுவிடுவார்கள். கொத்தனார் வேலைக்கு நடுவே எப்போது வங்கிக்குப் போவார் என்று சொல்ல முடியாது. அவரிடமிருந்து செக்கைத் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து, அடிக்கட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டு, 2-ம் தேதிக்குப் பிறகு புதிய கையெழுத்தில் வேறு செக் கொடுங்கள். இல்லாவிட்டாலும் 20.12.2025 தேதியிட்ட செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள்.

கோதையாறு

என் கருத்து மாறவில்லை. எண்களை எழுதிக் கொடுத்து, இரண்டாவது நகலில் வங்கி சீல் வாங்கிவிட்டால் பிறகு பொறுப்பு வங்கியுடையது.

பழையாறு

பொறுப்பு யாருடையது என்பது பிறகு பேச வேண்டிய விஷயம். கொத்தனாருக்கு அன்றைக்குப் பணம் கிடைக்காது, அதுதான் எனக்கு முன்னால் தெரிகிறது. இரண்டாவது நகலில் சீல் கட்டாயம் வாங்குங்கள், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய நிர்வாகிகள் கையெழுத்துப் போட்டு நிரப்பாமல் வைத்த செக் இலைகள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று இருவர் போட்டு வைப்பது நம் சங்கங்களில் சகஜம். மாற்றம் வரும் முன்பு அதில் பழைய தேதி எழுதிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. பொறுப்பு ஒப்படைக்கும்போது செக் புத்தகத்தை எண்ணி, பயன்படுத்தாத இலைகளின் எண்களைக் குறித்து, அவற்றை வங்கியிலேயே திருப்பிக் கொடுத்துப் புதிய புத்தகம் கேளுங்கள்.

முட்டம்_கலங்கரை

எஃப்.டி.யைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சேமிப்புக் கணக்கில் மாற்றினால் அதற்கும் தானாக மாறிவிடுமா?

பழையாறு

மாறும் என்று நினைக்காதீர்கள். கடிதத்திலும் தீர்மானத்திலும் எஃப்.டி. எண் இல்லாவிட்டால் அதற்குப் பழைய கையெழுத்தே நிற்கலாம். முதிர்ந்த பிறகு தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். வருடம் கழித்துக் கூரைக்குப் பணம் எடுக்கப் போகும்போது, பழைய பொருளாளர் கல்ஃபில் இருப்பார். நம் மாவட்டத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன் நம்பரும் அப்படித்தான். கணக்கோடு இணைந்திருப்பது பழைய பொருளாளரின் நம்பர் என்றால் எஸ்.எம்.எஸ்., ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். சந்தா வாங்க மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை எந்தக் கணக்கில், எந்த நம்பரில் எடுத்தது என்று பாருங்கள். சங்கக் கணக்குக்குப் பதில் பொருளாளரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அதைக் கழற்றுவதுதான் முதல் வேலை.

வேளிமலை

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: செயலாளர், ______ சங்கம் (பதிவு எண் ____), தக்கலை.
பெறுநர்: கிளை மேலாளர், ______ வங்கி, ______ கிளை.
பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ______, வைப்பு நிதி எண் ______ ஆகியவற்றில் கையொப்பமிடும் அதிகாரத்தை மாற்றுதல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தின் 11.01.2026 பொதுக்குழுக் கூட்டத்தில் புதிய நிர்வாகிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மேற்படி கணக்குகளை இயக்குவது குறித்து 18.01.2026 செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. இரண்டின் சான்றிட்ட நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன.

அத்தீர்மானத்தின்படி 02.02.2026 முதல் முன்னாள் செயலாளர் ______, முன்னாள் பொருளாளர் ______ ஆகியோரின் அதிகாரத்தை நீக்கி, செயலாளர் ______, பொருளாளர் ______ ஆகியோரைச் சேர்க்க வேண்டுகிறேன். தலைவர் ______ தொடர்கிறார். மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து கணக்குகளை இயக்குவர்.

முன்னாள் நிர்வாகிகள் 11.01.2026-க்கு முன் வழங்கி நிலுவையில் உள்ள காசோலைகள்: எண் ____, தேதி ____, தொகை ____. இவற்றைப் பழைய கையொப்பத்திலேயே ஏற்க வேண்டுகிறேன். இவற்றைத் தவிர வேறு காசோலை எதுவும் நிலுவையில் இல்லை. பயன்படுத்தாத காசோலைகள் எண் ____ முதல் ____ வரை இத்துடன் ஒப்படைக்கப்படுகின்றன. புதிய காசோலைப் புத்தகம் வழங்க வேண்டுகிறேன்.

கணக்குடன் இணைந்த கைப்பேசி எண்ணை ______ என்று மாற்றவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு, செயலாளர் (கையொப்பம், முத்திரை).
உறுதி செய்கிறோம்: தலைவர், முன்னாள் செயலாளர், முன்னாள் பொருளாளர்.

வங்கியின் சொந்தப் படிவமும் மாதிரிக் கையொப்ப அட்டையும் தனியாக இருக்கும். அதைக் கிளையில் வாங்கி, புதியவர்கள் இருவரும் நேரில் போய் அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ, ஆதார், பான் அசலைக் கையில் வைத்திருங்கள். சங்கத்தின் பான் கார்டையும் எடுத்துப் போங்கள்.

தக்கலை_படிப்பகம்

நிறைய நன்றி, சார். கொத்தனார் செக்கை நாளைக்கே திரும்ப வாங்கிவிடுகிறேன். ஷீட் கடையில் இன்று போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். போன் நம்பர் பழைய பொருளாளருடையதுதான், இப்போதுதான் பார்த்தேன்.

திங்கள்சந்தை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பதிவுச் சான்று 1955-ம் வருடத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின்படி வாங்கியது. மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பு. வங்கியில் புதிதாக வந்த அதிகாரி, "இது என்ன சட்டம், தமிழ்நாடு சான்று கொடுங்கள்" என்கிறார். கையெழுத்து மாற்றம் அதில் சிக்கி நிற்கிறது.

வேளிமலை

வாதாட வேண்டாம். உங்கள் கோப்பு இருக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தின் பெயர், எண், தற்போதைய செயற்குழு இவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். கடைசியாக எந்த வருடம் கணக்கு தாக்கல் செய்தீர்கள்?

திங்கள்சந்தை

அதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பழைய செயலாளரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது.